முறத்தில் ஒதுங்கும் மஞ்சள் அரிசி

ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிப் பார்க்கும்போது என் அம்மாவின் விரல் இரண்டு காரணங்களுக்காக நிற்கும். கல் கிடந்தால் நிற்கும். சில ஆண்டுகளாக இன்னொன்றுக்காகவும் நிற்கிறது. மற்ற அரிசியின் நடுவே அதே நீளத்தில், அதே தடிமனில், ஆனால் மங்கலாக, லேசான மஞ்சள் சாயலோடு ஓர் அரிசி கிடக்கும். அதை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு சிறு குவியல் சேர்ந்துவிடும். "இது ஏதோ மாவுல செஞ்சது மாதிரி இருக்கு. பிளாஸ்டிக்கா இருக்குமோ?" என்று அவர் கேட்டபோது, பாதி சரியாகச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அது மாவில் செய்ததுதான். அரிசி மாவில்.

தெருவில் இன்னும் பல வீடுகளில் இதே குவியல் குப்பைக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கையில் மனம் வலிக்கிறது. கடையில் கிடைக்கும் மொத்த அரிசியில் அரசு புதிதாகச் சேர்த்த சத்து முழுவதும் அந்தக் குவியலில்தான் இருக்கிறது. அதை எறிந்தால் மிஞ்சுவது பழைய அரிசி மட்டுமே.

இந்த அரிசிக்குச் செறிவூட்டப்பட்ட அரிசி என்று பெயர். 2021 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில், 2024க்குள் எல்லா அரசுத் திட்டங்களிலும் இதுவே வழங்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2020இல், திருச்சி மாவட்டத்தில் முன்னோட்டமாக இது தொடங்கிவிட்டது. அடுத்து விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போய், 2023இல் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 2028 டிசம்பர் வரை திட்டத்தைத் தொடர மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. அட்டைதாரருக்குக் கிடைக்கும் அளவு இதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விலையும் மாறவில்லை. கைரேகை, பில் எல்லாம் எப்போதும் போலத்தான். மூட்டைக்குள் இருப்பதுதான் மாறியது.

மாறியதும் மிகக் கொஞ்சம். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ செறிவூட்டிய மணி என்பது கணக்கு. அதாவது ஒரு கிலோ அரிசிக்குப் பத்து கிராம். நம் ரேஷன் அரிசி கிலோவுக்குத் தோராயமாக 50,000 முதல் 60,000 மணிகள் வரும் என்று வைத்துக்கொண்டால், அதில் 500, 600 மணிகள்தான் புதியவை. ஒரு கிலோவை முறத்தில் பரப்பினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். வீட்டில் கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் மட்டுமே படும்.

ஏன் இப்படி ஒரு சுற்று வழி? எல்லா அரிசியின் மேலும் சத்துப் பொடியைத் தூவிவிட்டால் வேலை எளிதாயிற்றே என்று கேட்கலாம். நம் சமையலறையை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் களையாமல் நாம் உலையில் போடுவதில்லை. மேலே தூவிய பொடி முதல் கழுநீரோடு மாட்டுத் தொட்டிக்கோ சாக்கடைக்கோ போய்விடும். சத்து அரிசியின் உள்ளே இருக்க வேண்டும். விளைந்த அரிசிக்குள் எதையும் புதிதாகத் திணிப்பது எளிதல்ல என்பதால், சத்தை உள்ளே வைத்தே ஒரு அரிசியைச் செய்துவிட்டார்கள்.

செய்யும் முறை நம் வீட்டு இடியாப்ப உழக்கிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. அரிசி ஆலையில் உடைந்து விழும் குருணையை மாவாக அரைக்கிறார்கள். அதில் சத்துக் கலவையைச் சேர்த்து, நீரும் நீராவியும் விட்டுப் பிசைகிறார்கள். 70 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் ஒரு உருளைக்குள் அந்த மாவு போகிறது. உள்ளே சுழலும் திருகு அதை அழுத்தித் தள்ளுகிறது. முனையில் இருக்கும் தட்டில் இடியாப்பத் துளைக்குப் பதிலாக அரிசியின் வடிவில் துளைகள். மாவு வெளியே வரும்போதே ஒரு கத்தி அதை அரிசி நீளத்துக்கு நறுக்கிவிடும். பிறகு காயவைக்கிறார்கள். சூட்டில் மாவின் ஸ்டார்ச் வெந்து பசையாகி, காய்ந்ததும் இறுகிவிடுவதால், பார்க்கவும் வேகவும் அரிசி போலவே இருக்கிறது. நெல்லை அரைக்கும் ஆலையில், கலக்கும் இயந்திரம் இதை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் அரிசியோடு சேர்த்து மூட்டையில் இறக்குகிறது.

அம்மாவின் சந்தேகங்கள் எல்லாவற்றுக்கும் விடை இந்தச் செய்முறையிலேயே இருக்கிறது. மஞ்சளாக, மங்கலாக இருப்பது ஏன்? ஒரு முறை வெந்து காய்ந்த மாவு அது. வயலில் விளைந்த அரிசிக்கு இருக்கும் பளபளப்பு அதற்கு வராது. தண்ணீர் ஊற்றியதும் சில மணிகள் மேலே வந்து மிதப்பது ஏன்? பிசைந்த மாவை அழுத்தித் தள்ளும்போது உள்ளே நுண்ணிய காற்றுப் பைகள் சிக்கிக்கொள்கின்றன. அதனால் மணி இலேசாகிறது. மிதக்கிறது என்பதற்காக அதைப் பதர் என்று நினைத்து வழித்துக் கொட்டிவிடுகிறார்கள். இது முறத்தில் ஒதுக்குவதைவிடப் பெரிய இழப்பு. கையின் ஒரு வீச்சில் பத்து இருபது மணிகள் போய்விடும்.

பிளாஸ்டிக்கோ என்ற பயத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஒதுக்கிய மணிகளில் பத்தை ஒரு கிண்ணத்தில் ஊறப்போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் மாவாக மசியும். ஊறவைத்து மசியும் பிளாஸ்டிக் எதுவும் இல்லை. இன்னொரு மணியை இடுக்கியில் பிடித்து அடுப்பு நெருப்பில் காட்டினால் கருகும், தீய்ந்த சோற்று வாசனை வரும். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்டி, மூக்கைத் துளைக்கும். அம்மா ஊறவைத்துத்தான் பார்த்தார். மசித்த விரலை முகர்ந்துவிட்டு, "கொழுக்கட்டை மாவு மாதிரிதான் இருக்கு" என்றார்.

உள்ளே இருப்பவை மூன்று: இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12. மூன்றும் ரத்தம் ஊறுவதற்கு வேண்டியவை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, கலந்து முடித்த அரிசி ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம்.

இந்த இரும்பு எந்த வடிவில் சேர்க்கப்படுகிறது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இருக்கிறது. ரத்தசோகைக்கு மருத்துவமனையில் தரும் இரும்பு மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் நீரில் சட்டென்று கரையும் உப்பு. அதை அரிசியில் சேர்த்தால் சோறு பழுப்பாகும், நாக்கில் துருச் சுவை தட்டும். ஒரு வாரத்தில் யாரும் தொடமாட்டார்கள். அதனால் ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற சேர்மத்தைத் தேர்ந்தார்கள். அது கிட்டத்தட்ட வெள்ளை நிறப் பொடி. நீரில் அநேகமாகக் கரையாது. களையும்போதும் உலையிலும் பெரும்பாலும் மணிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். வயிற்றில் இருக்கும் அமிலத்தைச் சந்தித்த பிறகுதான் கரையத் தொடங்கும். சோற்றின் நிறமும் சுவையும் மாறாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலையும் அதுவே. சுலபத்தில் கரையாத இரும்பை உடல் முழுதாக உறிஞ்சிக்கொள்வதில்லை. மாத்திரை இரும்போடு ஒப்பிட்டால் இதில் உடலுக்குள் சேரும் பங்கு குறைவு.

எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு வீட்டுக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நால்வர் உள்ள குடும்பம், மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி வாங்கி, முழுவதையும் சமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 கிலோவில் புதிய மணிகள் 200 கிராம். ஒரு டம்ளர் அளவு. அதற்குள் இருக்கும் இரும்பு மொத்தம் 560 முதல் 850 மில்லிகிராம். ஒரு கிராம்கூட இல்லை. மாதத்தை 30 நாளாகவும் வீட்டை நான்கு பேராகவும் வகுத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம் அரிசி வருகிறது. அதோடு 4.7 முதல் 7.1 மில்லிகிராம் இரும்பு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆக, அவருக்குத் தேவையானதில் ஆறில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை இந்தச் சோற்றிலிருந்து வருகிறது. மீதி கீரை, பருப்பு, ராகி, மீன், ஈரல் என்று வேறு வழியில்தான் வந்தாக வேண்டும்.

பெரிய அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் இது யாருக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருந்தது. மருந்துக் கடைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகாதவரின் தட்டுக்கும், அவர் எதுவும் செய்யாமலேயே, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் போய்ச் சேருகிறது. இந்தத் திட்டத்தின் கணக்கே அதுதான்.

அந்தக் கணக்கு எந்த அளவு பலித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நாடுகளில் நடந்த செறிவூட்டிய அரிசி ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2019இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. இரும்புக் குறைபாட்டை இந்த அரிசி குறைக்கக்கூடும், ஆனால் ரத்தசோகை வரும் வாய்ப்பில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பது அதன் முடிவு. இரண்டும் முரண்போலத் தோன்றலாம். ரத்தசோகைக்கு இரும்புக் குறைவு ஒரு காரணம் மட்டுமே. குடற்புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு, அடிக்கடி வரும் நோய்த்தொற்று, பரம்பரை ரத்தக் குறைபாடு என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் எதையும் அரிசி தொடாது. ஆகவே மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதித் தந்திருந்தால், ரேஷன் அரிசி சாப்பிடுகிறோமே என்று அதை நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். மேலே போட்ட கணக்கைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிடலாமா என்ற கேள்வியும் உண்டு. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் உண்ணலாம், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் உண்ண வேண்டாம் என்று முன்பு பையில் அச்சிடும் விதி இருந்தது. நிபுணர் குழு ஆராய்ந்த பிறகு, அவர்களுக்கும் இது பாதுகாப்பானதே, அந்த எச்சரிக்கை தேவையில்லை என்று மத்திய அரசு 2024இல் அறிவித்தது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவரின் உடலில் அந்த ரத்தத்தின் வழியே சேரும் இரும்பு, சோற்றில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. என்றாலும் அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். இரும்பு சூட்டில் அழியாது. ஃபோலிக் அமிலமும் பி12உம் அப்படியில்லை. நீரில் கரையும், சூட்டிலும் கொஞ்சம் சிதையும். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கஞ்சி வடிக்கும் வீட்டில் அவற்றில் ஒரு பகுதி கஞ்சியோடு போகிறது. குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துச் சமைத்தால் அது சோற்றிலேயே தங்கும். வடித்தே பழகிய வீடு என்றால் வடிகஞ்சியை உப்புப் போட்டுக் குடித்துவிடலாம், ரசத்துக்கோ குழம்புக்கோ விடலாம். களையும்போது ஒன்றிரண்டு தண்ணீர் போதும். கையால் கசக்கித் தேய்க்காமல் அலசினால் மணி உடையாது. மிதப்பதை வழிக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிட்டேன்.

ரேஷன் புழுங்கலரிசியைச் சோற்றுக்கு எடுக்காமல் இட்லிக்குப் போடுபவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சொல்லப்போனால் அது நல்ல வழி. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாக உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்கு விடாது. மாவு புளிக்கும்போது அந்த அமிலம் குறைகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலில் நன்றாக அலசிவிட்டு ஊறப்போட்டு, அரைக்கும்போது அந்த ஊறிய தண்ணீரையே விட்டு அரைக்க வேண்டும். புதிய மணிகள் ஊறும்போது மற்ற அரிசியைவிடச் சீக்கிரம் இளகி, கொஞ்சம் நீரில் கரைந்திருக்கும்.

உண்ணும் நேரத்திலும் ஒன்று உண்டு. வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்கத் துணைபோகும். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதைத் தடுக்கும். எலுமிச்சை பிழிந்த சாதம், நெல்லிக்காய்த் துவையல், பச்சை வெள்ளரியோடு எலுமிச்சை என்று எதுவானாலும் சரி. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவர் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால், அதே அரிசியிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும்.

கடையில் கவனிக்க வேண்டியது என்ன? விற்பனையாளர் மூட்டையைப் பிரிக்கும் முன் அதன் அச்சைப் பாருங்கள். செறிவூட்டிய அரிசி என்றால், கூட்டல் குறியும் ஆங்கில எஃப் எழுத்தும் சேர்ந்த சின்னம் இருக்கும். இம்மாதம் உங்களுக்கு வந்தது எது என்று அதைக்கொண்டு தெரிந்துகொள்ளலாம்.

கலவை சரியாக இருக்கிறதா என்று வீட்டில் எண்ணியும் பார்க்கலாம், ஆனால் ஒரு கைப்பிடியை எண்ணி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒரு கைப்பிடியில் ஆயிரம் மணி என்றால் எதிர்பார்ப்பது பத்து. குலுக்கி எடுக்கும் எதிலும் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதால், அது ஐந்தாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். இரண்டுமே குற்றமில்லை. மூட்டை லாரியில் குலுங்கி வரும்போது இலேசான மணிகள் ஒரு பக்கம் ஒதுங்கவும் கூடும். நானும் அம்மாவும் பையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து எடுத்துக் கலந்து, அதில் 100 கிராம் நிறுத்து எண்ணினோம். 50, 60க்குப் பக்கத்தில் வந்தால் கலவை சரி. எங்களுக்கு 54 வந்தது. இருநூறு முந்நூறு என்று குவிந்து வந்தாலோ, மூன்று இடத்திலும் தேடி ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலோ, அந்த மூட்டை ஒழுங்காகக் கலக்கப்படவில்லை.

உண்மையான பழுது வேறு மாதிரி இருக்கும். புதிய மணி வெந்த மாவு என்பதால் ஈரத்தை எளிதில் வாங்கும். வண்டும் அந்துப்பூச்சியும் அதையும் விரும்பும். மக்கிய வாடை, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருப்பது, பச்சை அல்லது கறுப்புப் பூசணப் புள்ளி, தொட்டதும் பொடியாக உதிர்வது ஆகியவை அரிசி கெட்டதற்கான அடையாளம். கிடங்கில் மாதக்கணக்கில் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வைட்டமின்கள் மெல்லக் குறைந்திருக்கும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் நம்மால் முடிந்தது, மூடியுள்ள டின்னிலோ டிரம்மிலோ ஈரம்படாமல் வைத்து, வாங்கிய மாதமே சமைத்துவிடுவது. முறத்தில் போட்டு வெயிலில் காயவைக்கும் பழக்கம் வண்டை விரட்ட நல்லதுதான், ஆனால் ஃபோலிக் அமிலத்துக்கு வெயில் ஆகாது. வண்டு வந்தால் நிழலில் உலர்த்திப் புடைத்தாலே போதும்.

கெட்ட அரிசி என்று உறுதியானால் அதைச் சமைக்காமல், பில்லோடு கடைக்கு எடுத்துப்போய் மாற்றிக் கேட்கலாம். மாற்றித் தராவிட்டால் 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். கடை எண், வாங்கிய தேதி இரண்டும் பில்லில் இருக்கும். கூப்பிடும் முன் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று எண்ணி முடித்த 54 மணிகளையும் அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் உலைக்கு எடுத்துவைத்திருந்த அரிசியில் போட்டுக் கலந்தார்.